வெளிநாட்டில் குடும்பம், ஊரில் பதிவாகாத இறப்பு: தாமத இறப்புப் பதிவில் எங்கே மாட்டிக்கொள்கிறோம்

அந்த அம்மா இறந்தது 2021 ஜூனில், நகரத்தில் இளைய மகளின் வாடகை வீட்டில். ஊரடங்கு நேரம். விடிவதற்குள் உடலைப் பக்கத்து மாவட்டத்தில் உள்ள சொந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். மகன் டொராண்டோவில் இருந்தார், வர முடியவில்லை. அடுத்த வருடமே இளைய மகளும் கணவரோடு துபாய் போய்விட்டார். இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வருடம் கழித்து அம்மா பெயரில் இருந்த நிலத்துக்கு வாரிசுச் சான்று கேட்கப் போனபோதுதான் இறப்புச் சான்றிதழே இல்லை என்பது தெரிந்தது.

கிராமத்தில் இருந்த சித்தப்பா மனு கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்கு வந்தார்கள், அக்கம்பக்கத்தில் வாக்குமூலம் வாங்கினார்கள். நாலு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: இறப்பு நிகழ்ந்த இடம் இந்த எல்லைக்குள் இல்லை. இதை முதல் நாளே, மனுவைப் படித்துப் பார்த்த அன்றே சொல்லியிருக்கலாம். எழுபது வயது மனிதரை நாலு மாதம் நடக்க விட்டிருக்க வேண்டியதில்லை.

அதனால் முதலில் இதை மனதில் வையுங்கள். இறப்பைப் பதிவு செய்வது உயிர் பிரிந்த இடத்தில். சொந்த ஊரிலோ, ரேஷன் கார்டு இருக்கும் ஊரிலோ, எரித்த ஊரிலோ இல்லை. கிராம ஊராட்சி என்றால் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர். நகராட்சி, மாநகராட்சி என்றால் அங்குள்ள சுகாதாரப் பிரிவு. இறப்பே வெளிநாட்டில் நடந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அதை அந்த நாட்டில்தான் பதிய வேண்டும்.

சட்டம் சுருக்கமாக. 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதிவாளரே பதிவார். 30 நாளுக்கு மேல் ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். நடைமுறையில் அது வருவாய் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., சில ஊர்களில் சார் ஆட்சியர். குற்றவியல் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 1969-ஆம் வருடச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது அந்த அதிகாரம் வருவாய்த் துறையிடம்தான். நீதிமன்றத்துக்கு என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மனு எழுதுவதற்கு முன்னால், உண்மையிலேயே பதிவாகவில்லையா என்று தேடுங்கள். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்பியிருப்பார்கள், பதிவும் நடந்திருக்கும். பெயர் எழுத்து மாறியிருப்பதால் உங்கள் கண்ணில் படாமல் இருக்கலாம். crstn.org தளத்தில் பாருங்கள். பழைய கிராமப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும், அங்கேயும் கேளுங்கள். எங்கேயும் இல்லை என்றால், இறப்பு நடந்த இடத்துப் பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். இது இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு நகராது. சித்தப்பா முதல் தடவை கிராமத்தில் இருந்து வாங்கிய சான்று நகரத்து மனுவுக்கு உதவவில்லை, மறுபடியும் வாங்க வேண்டியிருந்தது.

அடுத்தது, யார் மனுதாரர்? வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் உடனே பொது அதிகாரப் பத்திரம் தயாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பல குடும்பங்களுக்கு அது தேவையே இல்லை. ஊரில் நெருங்கிய சொந்தம் யாராவது இருந்தால், அவர் தன் பெயரிலேயே மனு கொடுக்கலாம். பிள்ளைகளிடம் இருந்து ஒரு சம்மதக் கடிதம் இருந்தால் போதும் என்று பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். பத்திரம்தான் வேண்டும் என்று கேட்டால், வெளிநாட்டில் எழுதியது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டு, மறுபடி எழுதி அனுப்பியவர்கள் நிறைய.

ஆனால் பிரமாணப் பத்திரம் வேறு விஷயம். அதில் சொல்லும் உண்மை யாருக்குத் தெரியுமோ, அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கதையில் அம்மா இறக்கும்போது பக்கத்தில் இருந்தது இளைய மகள். அதனால் அவருடைய பிரமாணப் பத்திரம்தான் முக்கியம். டொராண்டோ மகனுடையது கூடுதல் பலம், அவ்வளவுதான். துபாயில் மகள் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி முன்னால் நேரில் கையெழுத்துப் போட்டார். முன்கூட்டியே வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனடா போல அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளில், உள்ளூர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை வாங்குவது இன்னொரு வழி. முத்திரை இல்லாத வெறும் நோட்டரி கையெழுத்தை இங்கே ஏற்க மாட்டார்கள். அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, அங்கே இருப்பவர்கள் தூதரகத்துக்கே போய்விடுவது நல்லது.

இங்கே ஓர் ஆபத்தான குறுக்கு வழி இருக்கிறது. ‘நீங்க கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, இங்க நோட்டரி சீல் போட்டுக்கலாம்’ என்பார்கள். ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தேதியில் நீங்கள் இந்தியாவில் இல்லை என்பதை உங்கள் பாஸ்போர்ட்டே சொல்லும். நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்டு ஒரு சொந்தம் வழக்குப் போட்டால், அந்த ஒரு தாளை வைத்தே மொத்தத்தையும் பொய் என்று காட்டிவிடுவார்.

இன்னொரு புரோக்கர் யோசனை, இறந்த தேதியையே இந்த வருடத்துக்கு மாற்றிவிட்டால் ஆர்.டி.ஓ. உத்தரவு வேண்டாம் என்பது. அது பொய்த் தகவல், சட்டப்படி தண்டனைக்குரியது. நடைமுறையிலும் மாட்டும். இடைப்பட்ட காலத்தில் ஓய்வூதியம் நின்றது எப்படி, ரேஷன் கார்டில் பெயர் நீக்கியது எப்படி என்ற கேள்வி வரும்.

பிரமாணப் பத்திரத்தில் தேதிதான் பெரும்பாலும் சறுக்கும் இடம். மகள் சொன்னது ‘திங்கட்கிழமை ராத்திரி’. கருமாதிப் பத்திரிகையில் ஜூன் 14 என்று அச்சாகியிருந்தது. விசாரித்தால் உயிர் பிரிந்தது இரவு ஒரு மணிக்கு. அப்படியானால் ஆங்கிலத் தேதி 15. நம் வீடுகளில் விடியும் வரை முந்தின நாள்தான். அரசாங்கக் கணக்கில் பன்னிரண்டு மணிக்கே நாள் மாறிவிடுகிறது. பிரமாணப் பத்திரத்தில் 15, பத்திரிகையில் 14 என்று இருந்தால் விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நாங்கள் என்ன செய்தோம் என்றால், நேரத்தையும் எழுதி, ‘14-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், அதாவது 15-ஆம் தேதி அதிகாலை 1 மணி அளவில், வழக்கப்படி பத்திரிகையில் 14 என அச்சிடப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தோம். சாட்சிகளான வீட்டு உரிமையாளரும் எதிர்வீட்டுக்காரரும் அதே வாசகத்தோடு எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

அதோடு சேர்த்து எழுத வேண்டியவை: உங்களுக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு, எந்த முகவரியில் இறந்தார், எங்கே எரித்தீர்கள் அல்லது புதைத்தீர்கள், வேறு எங்கும் பதியவில்லை என்ற உறுதி, ஏன் தாமதம். தாமதக் காரணத்தை அலங்கரிக்காமல் எழுதுங்கள். இவர்கள் ஊரடங்கையும் குடும்பம் வெளிநாடு போனதையும் அப்படியே எழுதினார்கள். ஆதாரமாக மயான ரசீது, கருமாதிப் பத்திரிகை, கடைசியாக மருத்துவமனை போன சீட்டு, வாடகை ஒப்பந்தம் என்று கிடைத்ததை எல்லாம் இணையுங்கள். வாடகை ஒப்பந்தம் முக்கியம். அந்த முகவரியில் குடும்பம் இருந்ததை அது காட்டும்.

பெயரையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நிலப் பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒன்று, மகனின் பாஸ்போர்ட்டில் தாய் பெயராக வேறொன்று. உத்தரவில் என்ன இருக்கிறதோ அதுதான் சான்றிதழில் ஏறும். ஆகவே மனுவிலேயே ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று, ஆங்கில எழுத்தோடு எழுதிக் கொடுங்கள். பிறகு திருத்துவதற்கு இன்னொரு நடை இருக்கிறது.

மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சில நாள் கழித்துப் போய், மனுவின் கோப்புக்கு அலுவலகம் கொடுத்த ந.க. எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத மனு எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்து வட்டாட்சியர், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், பிறகு அதே வழியாக மேலே. ஒவ்வொரு மேசையிலும் கோப்பு உட்காரும். கிராம நிர்வாக அலுவலர் மாறுதலாகிப் போனால் புதியவர் மறுபடி விசாரிப்பார். தேர்தல் அறிவித்துவிட்டால் எல்லாரும் அந்த வேலைக்குப் போய்விடுவார்கள். இந்தக் குடும்பத்துக்குச் சரியான இடத்தில் கொடுத்த பிறகும் ஐந்து மாதம் ஆனது. அதில் விசாரணை நடந்தது இரண்டே நாள்.

அதனால் இரண்டு வார விடுப்பில் வந்து முடித்துவிடலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். தேடலும் ‘பதிவு இல்லை’ சான்றும் நீங்கள் கிளம்புமுன் சொந்தக்காரர் மூலம் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் வரும் நாட்களை விசாரணை வாக்குமூலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் அசையவில்லை என்றால் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் புகார் பதியச் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ந.க. எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் போனது என்று கேட்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் இதைக் கேட்க முடியாது, இந்தியக் குடிமகனான சித்தப்பாதான் கேட்க வேண்டும். இவர் கேட்டார். பத்து ரூபாய் செலவு. மனு போய்ச் சேர்ந்த வாரமே கோப்பு அடுத்த மேசைக்கு நகர்ந்தது.

உத்தரவு வந்துவிட்டால் பதிவு ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அது பதிவாளருக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று காத்திருக்காதீர்கள். நகலைக் கையோடு கொண்டுபோய், தாமதக் கட்டணம் கட்டி, பதிவேற்றச் சொல்லுங்கள். கணினியில் ஏற்றும்போதே பக்கத்தில் நின்று பெயர், தேதி, இறந்த இடம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சித்தப்பா அப்படித்தான் நின்றார். இறந்த இடத்தில் கிராமத்தின் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.