வெயிற்காந்தல்: ‘உரிதல்’ வேறு, ‘உரித்தல்’ வேறு

‘தோல் உரித்தல்: 4 முதல் 7 நாட்கள்.’ வெயிலில் தோல் எரிந்துபோனவர்களுக்கு ஒரு மருத்துவமனையில் கொடுத்த துண்டுத்தாளில் இப்படி ஒரு வரி இருந்தது. என் தங்கை அதைப் படித்துவிட்டு, நான்காம் நாள் காலை ஈரத்துண்டும் கையுமாக உட்கார்ந்து மகனின் தோள்பட்டையிலிருந்து தோலை உரித்துக்கொண்டிருந்தாள். பாதி உரித்து முடித்த பிறகுதான் நான் போனேன். “ஏம்மா இப்படி?” என்றால், “தாள்ல போட்டிருக்குண்ணா, நாலாம் நாள்லேர்ந்து உரிக்கணும்னு” என்கிறாள்.

அவள் மேல் தப்பில்லை. உரிதல் தானாக நடப்பது. உரித்தல் ஒருவர் செய்வது. பாம்புச்சட்டை உரிகிறது, வெங்காயத்தை உரிக்கிறோம். தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு த். அதைக் கவனிக்காமல் மொழிபெயர்த்தவர் நோயின் அறிகுறியை வீட்டு வைத்தியமாக மாற்றிவிட்டார். ‘தோல் உரியும், நீங்கள் உரிக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை.

அந்தத் தாளின் தலைப்பு இதைவிட மோசம். ‘சன்பர்ன்’ என்பதற்கு ‘வெயில் கொப்புளம்’ என்று போட்டிருந்தார்கள். இதை நான் முதல் தடவை பார்க்கவில்லை. களிம்பு டப்பாக்களில், கோடைகாலக் குறிப்புகளில், அழகுக் குறிப்புகளில் எல்லாம் இதே சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் ‘சூரிய எரிப்பு’ என்றும் வரும். அதைப் பற்றி ஒரு வரி போதும்: எரிப்பு என்பது குப்பையைக் கொளுத்துகிற வேலை, சூரியனை யாரும் எரிக்கவில்லை.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. ஆங்கிலத்தில் ஞாயிறும் எரிதலும் சேர்ந்த கூட்டுச்சொல். முன்பு வெயிலில் கறுத்துப்போவதையும் அதே சொல்லால் குறித்தார்கள். இன்றைய மருத்துவத்தில் தோல் சிவந்து வலிக்கிற காயத்துக்கு மட்டும்தான் அந்தப் பெயர். நம் பக்கம் ‘காய்’ என்ற வினை பழையது. ‘என்பி லதனை வெயில்போலக் காயுமே’ என்ற குறளில் வெயில் புழுவைச் சுட்டு வருத்துகிறது. ஆனால் இன்று ‘வெயில் காய்கிறான்’ என்றால் குளிருக்கு இதமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். அதனால் அந்த வினை இந்த வேலைக்கு உதவாது.

சரி, ‘வெயில் கொப்புளத்துக்கு’ வருவோம். நம் ஊர்களில் வெயில் கொப்புளம், சூட்டுக் கொப்பளம், வேனற்கட்டி என்றெல்லாம் சொல்வது வேறொன்றை. கோடையில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து, மயிர்க்காலில் கிருமி புகுந்து, சீழ் கோத்துக் கிளம்புகிற கட்டி அது. அதற்குப் பற்றுப் போட்டுப் பழுக்கவைத்து உடைப்பது பாட்டி காலத்து வழக்கம். வெயில் பட்டு எழும் கொப்புளத்தில் இருப்பது சீழ் அல்ல, தெளிந்த நீர். அந்த மெல்லிய தோல்மூடி அடியிலிருக்கும் புதுத்தோலுக்குக் கட்டுத்துணி மாதிரி. அதை உடைத்தால் கிருமிக்குக் கதவு திறந்த கதைதான். ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால், ஒன்றின் வைத்தியம் மற்றதன் மேல் போய் விழாதா?

இன்னொரு குறை. கொப்புளம் என்பது இந்தக் காயத்தின் ஒரு கட்டம்தான். பெரும்பாலானவர்களுக்குத் தோல் சிவந்து அல்லது கறுத்து, இறுகி, தொட்டால் வலிப்பதோடு நின்றுவிடும். கொப்புளம் வராதவருக்கு ‘வெயில் கொப்புளம்’ என்று பெயர் சொல்வது, மழையே பெய்யாத நாளை வெள்ளம் என்று சொல்வது போல.

‘சூட்டுக் காயம்’, ‘வெப்பக் காயம்’ என்று போடுபவர்களும் இருக்கிறார்கள். சுடுவது சூடு அல்லவே, புற ஊதாக் கதிர்கள். (‘புற ஊதா’ எவ்வளவு அழகான ஆக்கம். யார் செய்தாலும் வாழ்க.) கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றியவரின் மூக்கு மறுநாள் எரிவது இதனால்தான். 2,000 மீட்டருக்கு மேல் காற்று குளிர்ச்சி, கதிர்கள் சமவெளியைவிடக் கடுமை. மெல்லிய மேகமும் அவற்றைப் பெரிதாகத் தடுக்காது. ‘வெப்பக் காயம்’ என்று படித்தவர், குளிரும் இடத்தில் நமக்கென்ன என்று தொப்பியைக் கழற்றிவிடுவார்.

என் வாக்கு ‘வெயிற்காந்தல்’. பிரித்து ‘வெயில் காந்தல்’ என்று எழுதினாலும் சரி. தோல் எரிவதை நாம் ‘காந்துது’ என்றுதானே சொல்கிறோம்? பானை அடியில் தீய்ந்து ஒட்டிய சோறும் காந்தல்தான். மேலே சோறு நன்றாக இருக்கும், அடியில் ஒரே ஓர் அடுக்கு மட்டும் கருகி, பிறகு ஏடாகப் பெயர்ந்து வரும். இந்தக் காயமும் அப்படித்தான்: பொதுவாக மேலடுக்கோடு நிற்கும், பிறகு ஏடாக உரியும். காந்தலிலும் சூடு இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அது உடம்பு உணர்வதைச் சொல்கிறது. காரணத்தைச் சொல்வது ‘வெயில்’. வெயில் என்றால் நிழலுக்கு எதிரானது, குளிருக்கு எதிரானது அல்ல. மார்கழி காலையிலும் வெயில் அடிக்கிறது. காந்தத்தோடு யாரும் குழப்பிக்கொள்வார்களோ என்ற பயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

தங்கை மகன் கதைக்கு வருகிறேன். வயது 19. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போனான். காலை 8 மணியிலிருந்து மதியம் 2 வரை சட்டை இல்லாமல் பலகையில் குப்புறப் படுத்திருக்கிறான். தண்ணீருக்குள் இருந்ததால் எரிச்சல் தெரியவில்லை. அன்று மாலைதான் காந்தல் தொடங்கியது. இரவு சட்டை பட்டாலே துள்ளினான். மறுநாள் மதியத்துக்குள் இரண்டு தோள்களிலும் கடுகு முதல் பட்டாணி அளவு வரை கொப்புளங்கள். கெண்டைக்கால் பின்புறம் இறுகிச் சூடாக இருந்தது, கொப்புளம் இல்லை. இப்படித் தாமதமாக ஏறுவது இதன் இயல்பு. சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்துக்குப் போகும்.

பணியில் இருந்த மருத்துவர் விரலால் தோளை மெல்ல அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளிறி, உடனே நிறம் திரும்பியது. இவன் கத்தினான். “வலிக்குதா? நல்லது” என்றார் அவர். ஆழம் பார்ப்பது இப்படித்தான். மேல்தோல் மட்டும் காந்தியிருந்தால் வறண்டு, சிவந்து, வலிக்கும். அடித்தோலின் மேற்பகுதி வரை போயிருந்தால் கொப்புளம் எழும், அடியில் ஈரமான இளஞ்சிவப்பு தெரியும், வலி இன்னும் கடுமை. இடம் வெளுத்துப்போய், அழுத்தினால் நிறம் திரும்பாமல், உணர்ச்சியும் மங்கியிருந்தால்தான் ஆழமான காயம். வெயிலால் அவ்வளவு தூரம் போவது அபூர்வம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ ஊதா சாயலாகவோ இருக்கும். கையால் தொட்டுச் சூட்டையும் இறுக்கத்தையும் பார்ப்பதே நம்பகம். (தாளில் இதை ‘இரண்டாம் பட்டத் தீக்காயம்’ என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டமோ! ‘இரண்டாம் நிலை’ என்று பள்ளிப் பிள்ளைகூட எழுதுவான்.)

அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்வி முக்கியமானது: “ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?” முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அது தோலை வெயிலுக்குச் சட்டென்று காந்தும்படி ஆக்கிவிடும். அதைக் கொடுத்த தோல் மருத்துவரிடம் உடனே பேசச் சொன்னார்.

வீட்டில் செய்யச் சொன்னது எளிமை. குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியை 10, 15 நிமிடம் போட்டு எடுப்பது, ஒரு நாளில் பல தடவை. ஐஸ் கூடாது, பற்பசை கூடாது, மஞ்சளும் வேண்டாம். ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத ஈரப்பதக் களிம்போ கற்றாழைக் களிம்போ தடவலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால். தளர்ந்த பருத்திச் சட்டை. கொப்புளம் தானாக உடைந்தால் சோப்புத் தண்ணீரில் மென்மையாகக் கழுவி, வாஸ்லின் தடவி, ஒட்டாத கட்டுத்துணி போட வேண்டும். ஆறும்வரை அந்த இடத்தில் வெயில் படக்கூடாது.

தங்கை உரித்த இடத்துக்கும் அதே வைத்தியம்தான் செய்தோம். தானாக உரியாத தோலை இழுத்ததால் அடியில் பச்சைப் புண்ணாகி, நீர் கசிந்தது. மற்ற தோள் ஒரு வாரத்தில் ஏடு ஏடாக உதிர்ந்து சரியானபோது, இந்தத் தோள் ஆற 12 நாள் ஆனது. இன்னும் ஒரு கறுத்த திட்டு இருக்கிறது.

தாளின் கடைசி வரி: ‘தேவைப்படின் மீளாய்வுக்கு வரவும்.’ எப்போது தேவைப்படும் என்று ஒரு சொல் இல்லை. கொப்புளம் முகத்திலோ கையிலோ பிறப்புறுப்பிலோ இருந்தாலும், உடம்பில் பெரும் பரப்பில் பரவியிருந்தாலும், காய்ச்சலும் நடுக்கமும் வாந்தியும் வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். கைக்குழந்தைக்கு என்றால் கொப்புளம் வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது வெறும் காந்தல் அல்ல, வெப்பத் தாக்கு, உடனே ஆம்புலன்ஸ். இரண்டு நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறினாலும், சீழ் வைத்தாலும், சுற்றிலும் சிவப்பு பரவினாலும் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால் நினைத்ததைவிட ஆழம்.

புண் கசிந்த அன்றே தங்கையிடம் கேட்டேன், ஏன் திரும்பப் போய்க் காட்டவில்லை என்று. “மீளாய்வுன்னா பரீட்சை பேப்பர் திருத்தறதுதானே? அவங்க ஏதோ ஃபைல் பார்ப்பாங்க போலன்னு விட்டுட்டேன்” என்றாள். ‘மறுபடி வந்து காட்டுங்கள்’ என்று எழுதியிருந்தால் போயிருப்பாள்.