புல்லுக்குப் பின்னால் ஒரு கார்

ஆல்பம் வேலை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது: "இந்தப் படத்துல இதையும் சேர்த்துக் குடுப்பீங்களா?" வெட்டி ஒட்டுவது இன்று எல்லோருக்கும் கைவந்த வேலை. வெளிச்சத்தையும் நிறத்தையும்கூடப் பலர் ஓரளவு பொருத்திவிடுகிறார்கள். அப்படியும் சேர்த்த பொருள் படத்துக்குள் நிற்காமல் மேலே மிதக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்தப் பொருளுக்கு முன்னால் எதுவுமே இருக்காது. வெளியிடத்தில் நிற்கும் எந்தப் பொருளையும் புல்லோ, கம்பியோ, கிளையோ எங்காவது கொஞ்சம் மறைக்கத்தான் செய்யும். அந்த மறைப்பு இல்லாவிட்டால் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாதவர்கூட "என்னமோ ஒட்டுன மாதிரி இருக்கு" என்பார்.

சமீபத்தில் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். ஏரிக்கரையில் எடுத்த படம். முழங்கால் உயரத்துக்குப் புல், அதற்குப் பின்னால் வெயிலில் பளபளக்கும் தண்ணீர். அதில் மணமகனின் தாத்தா வைத்திருந்த கறுப்பு அம்பாசிடர் காரை நிறுத்த வேண்டும். காரின் படத்தை வீட்டு ஷெட் வாசலில் எடுத்திருந்தார்கள். முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் தெரியும்படி, சற்றுச் சாய்வான கோணம்.

இங்கே முதலில் தீர்மானிக்க வேண்டியது மாஸ்க்கை எங்கே போடுவது என்பது. கார் லேயரின் மேலேயே மாஸ்க் போட்டுப் புல் வருகிற இடங்களைக் கறுப்பால் அழிப்பதுதான் வழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலை முடிந்தபின் காரை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னால் மாஸ்க்கும் கூடவே நகர்ந்துவிடும். புல் ஓரிடத்தில், அதற்கான ஓட்டைகள் வேறிடத்தில் என்று ஆகிவிடும். புல்லின் வடிவம் பின்னணிக்குச் சொந்தமானது, காருக்கு அல்ல. அதனால் ஃபோட்டோஷாப்பில் கார் லேயரைத் தேர்ந்தெடுத்து Ctrl+G அழுத்தி ஒரு குரூப்புக்குள் போட்டு, மாஸ்க்கை அந்தக் குரூப்புக்குக் கொடுக்கிறேன். உள்ளே இருக்கும் காரை நகர்த்தலாம், சிறிதாக்கலாம். மாஸ்க் இருந்த இடத்திலேயே இருக்கும், புல்லும் தன் இடத்தில் நிற்கும். கார் போய் நிற்கக்கூடிய பரப்பு முழுவதற்கும் முன்கூட்டியே புல்லைத் தீட்டி வைத்துவிட்டால், "இன்னும் கொஞ்சம் தள்ளி" என்று எத்தனை முறை கேட்டாலும் கவலை இல்லை. ஃபோட்டோஷாப் இல்லாதவர்கள் ஜிம்ப்பிலும் இதைச் செய்யலாம். 2.10 பதிப்பிலிருந்து அதில் லேயர் குரூப்புக்கு மாஸ்க் போட முடிகிறது.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி. எந்தப் புல் காருக்கு முன்னால், எந்தப் புல் பின்னால்? அழகுக்காக அங்கங்கே நாலு புல்லை டயர்மேல் விட்டுவிடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. விடை புல்லின் நுனியில் கிடைக்காது, வேரில்தான் கிடைக்கும். தரை ஏறக்குறைய சமமாக இருக்கும் இடத்தில், படத்தின் கீழ் விளிம்புக்கு அருகில் வேர் இருக்கும் புல் கேமராவுக்குக் கிட்டே இருக்கிறது. மேலே போகப் போக தூரம். எனவே டயர் தரையைத் தொடும் புள்ளிக்குக் கீழே வேர் விட்ட புல் காருக்கு முன்னால் வரும். அதன் நுனி கதவின் கைப்பிடி வரை உயர்ந்திருந்தாலும் முன்னால்தான். அந்தப் புள்ளிக்கு மேலே வேர் விட்டது எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்னால்தான்.

இந்தக் கார் சாய்வாக நிற்கிறது அல்லவா? நம் பக்கம் தெரியும் இரண்டு டயர்களில் முன் டயர் படத்தில் கீழே இருக்கிறது, பின் டயர் சற்று மேலே. ஆகவே தரை தொடும் கோடு படுக்கையாக இருக்காது, சாய்ந்திருக்கும். தனி லேயரில் இரண்டு டயர்களின் அடியையும் இணைத்து ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொள்கிறேன். முன் பம்பருக்கு அடியில், நம் கண்ணுக்கு அவ்வளவாகப் படாத அந்தப் பக்க முன் டயர் வரை இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் கீழே வேர் விட்ட புல்லை மட்டுமே மாஸ்க்கில் கறுப்பால் தீட்டுகிறேன். கோட்டைப் படுக்கையாகப் போட்டிருந்தால் பின் டயரின் அருகே நம் பக்கம் நிற்கும் புல் எல்லாம் காருக்குப் பின்னால் போயிருக்கும், அந்த டயர் மட்டும் புல்மேல் அந்தரத்தில் நின்றிருக்கும்.

எவ்வளவு மறைய வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அம்பாசிடர் டயரின் உயரம் இரண்டு அடிக்குச் சற்று மேல். முழங்கால் உயரப் புல் ஏறக்குறைய ஒன்றரை அடி. அப்படியென்றால் டயரில் பாதிக்கு மேல் மறைந்தே ஆக வேண்டும். வாடிக்கையாளருக்கு வீல் கப் தெரியவேண்டும் என்று ஆசை இருக்கலாம். அதற்காகப் புல்லைக் குறைத்தால் கார் தன் அளவைவிடப் பெரிதாகத் தோன்றும். டயர் ஏறி நசுக்கிய இடம் என்று ஓரிரு இடங்களில் சற்றுத் திறந்து விடலாம், அவ்வளவுதான்.

தீட்டும்போது குரூப்பின் Opacity-ஐ 50 சதவீதம் அளவுக்குக் குறைத்துக்கொண்டால் காருக்குள்ளேயே அடியிலுள்ள புல் தெரியும். பிரஷ்ஷின் அகலம் புல்லின் அகலத்துக்குச் சமமாக இருக்கட்டும், கடினம் 80 சதவீதம் போல. வேரிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு, நுனியில் அழுத்தம் குறைய வேண்டும். பென் டேப்லெட் இருந்தால் இது தானாக வரும். புல் வடிவப் பிரஷ்ஷை எடுத்துச் சரசரவென்று அடிப்பது சுலபம்தான். ஆனால் அந்தப் பிரஷ்ஷின் புல்லும் படத்தில் உள்ள புல்லும் ஒரே இடத்தில் இருக்காது. புல் வடிவ ஓட்டை வழியாக மண்ணும் தண்ணீரும் எட்டிப் பார்க்கும். வேர்ப் பகுதியில் புல் அடர்ந்து ஒன்றோடொன்று கலந்திருக்கும் இடத்தில் மட்டும் அந்தப் பிரஷ் உதவும். அங்கே எது எந்தப் புல் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

தண்ணீருக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் கையால் தீட்டத் தேவையில்லை. Channels-இல் நீலச் சேனலைப் பார்த்தால் தண்ணீர் வெளுப்பாகவும் புல் கறுப்பாகவும் பிரிந்திருக்கும். அதை ஒரு பிரதி எடுத்து, Levels-இல் இரண்டு ஓரங்களையும் உள்ளே தள்ளி, Ctrl அழுத்திச் சேனலைக் கிளிக் செய்தால் வெளுப்பான பகுதி தேர்வாகும். அதை Shift+Ctrl+I கொண்டு திருப்பினால் புல் கையில் வரும். மாஸ்க்கில் கறுப்பை நிரப்பினால் முடிந்தது. நிரப்பியபின் ஒன்றைக் கவனியுங்கள். கோட்டுக்கு மேலே வேர் உள்ள புல்லும் இதில் சேர்ந்து வந்திருக்கும். அதை வெள்ளைப் பிரஷ்ஷால் திரும்பக் காருக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். புல்லுக்கு எதிரே புல்லே இருக்கும் இடத்தில் எந்தச் சேனலும் பிரித்துத் தராது. அங்கே கைதான்.

படத்தின் கீழ் ஓரத்தில் லென்ஸுக்கு மிக அருகே இருக்கும் புல் மங்கலாக இருக்கும். அதற்குக் கூர்மையான மாஸ்க் போட்டால் காகிதத்தில் வெட்டியது போல விளிம்பு நிற்கும். 200 சதவீதம் பெரிதாக்கி, அந்தப் புல்லின் விளிம்பு எத்தனை பிக்சலில் கரைகிறது என்று பாருங்கள். மாஸ்க்கின் விளிம்பும் அத்தனை பிக்சலில் சாம்பலாகக் கரைய வேண்டும். முழு மாஸ்க்குக்கும் Feather கொடுக்காதீர்கள். டயர் அருகே உள்ள கூர்மையான புல்லும் கூடவே மங்கிவிடும். Blur கருவியால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போதும்.

இத்தனையும் செய்தபின் கறுப்புக் கதவுக்கு முன்னால் ஒவ்வொரு புல் நுனியைச் சுற்றியும் வெள்ளைக் கோடு தெரிந்தது. புல்லின் ஓரப் பிக்சலில் பாதி புல், பாதி அதற்குப் பின்னால் முன்பு இருந்த பளிச்சென்ற தண்ணீர். பின்னணி கறுப்பானதும் அந்தப் பாதித் தண்ணீர் வெளியே தெரிகிறது. மாஸ்க்கை இறுக்கி இதைப் போக்கப் பார்த்தால் மெல்லிய நுனிகளே காணாமல் போய்விடும். குரூப்புக்கு மேலே ஒரு காலி லேயர் போட்டு, அதன் முறையை Darken ஆக்கி, பக்கத்துப் புல்லின் நிறத்தை எடுத்து 30, 40 சதவீத அடர்த்தியில் நுனிகளின் மேல் தடவுவேன். அந்தப் பச்சையைவிட வெளிச்சமான பிக்சல் மட்டுமே மாறும். கறுப்புக் கதவு ஏற்கெனவே அதைவிட இருட்டு, அதனால் அதில் ஒட்டாது. இதே இடத்தில் வெள்ளைக் காரை நிறுத்தி, பின்னணி முன்பு இருட்டாக இருந்திருந்தால் கோடு கறுப்பாக வரும். அப்போது Lighten.

நிழல் இரண்டு தேவைப்படுகிறது. காருக்கு அடியில் தரையில் விழும் இருட்டு குரூப்புக்குள்ளேயே, கார் லேயருக்குக் கீழே போக வேண்டும். அப்போதுதான் முன்னால் நிற்கும் புல் அதையும் மறைக்கும். இன்னொன்று குரூப்புக்கு மேலே. கார் பக்கத்தில் நிற்பதால் முன் புல்லின் வேர்ப் பகுதிக்கும் வானத்து வெளிச்சம் குறையும். டயரை ஒட்டி, மெல்லிய Multiply பூச்சு ஒன்று போதும். பலர் முதல் நிழலோடு நிறுத்திவிடுவதால் முன் புல் மட்டும் தனியே பளிச்சென்று நிற்கும்.

கம்பி வேலி என்றால் இத்தனை பாடு இல்லை. பென் டூலால் ஒவ்வொரு கம்பியையும் பாதையாகப் போட்டு, Ctrl+Enter அழுத்தி, அரைப் பிக்சல் மென்மையோடு கறுப்பை நிரப்பினால் ஆயிற்று. மறந்துபோவது கம்பியின் நிழலைத்தான். வெயில் நம் முதுகுப்பக்கம் இருந்து வந்தால், வேலிக்குப் பின்னால் நிற்கும் ஆளின் சட்டைமேல் அந்தக் கம்பிகளின் நிழல் விழ வேண்டும். வானத்துக்கு எதிரே உள்ள கிளைகளுக்கு, சேர்த்த லேயரை இரட்டைக் கிளிக் செய்தால் வரும் Blend If போதும். கீழே உள்ள Underlying Layer வரிசையில் கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்தினால் இருட்டான கிளைகள் மேலே எழுந்து வரும். Alt அழுத்தி முக்கோணத்தை இரண்டாகப் பிரித்தால் விளிம்பு மென்மையாகும். கிளை எது, பின்னால் நிற்கும் கறுப்புச் சுவர் எது என்று அதற்குத் தெரியாது. அதனால் தேவையில்லாத பகுதி இருந்தால் பழையபடி மாஸ்க்தான்.

முடித்ததும் சோதிக்க எளிய வழி, குரூப்புக்குள் காரின் மேல் பளிச்சென்ற மெஜந்தா நிறத்தை நிரப்பி, அதைக் காரோடு கிளிப் செய்து பார்ப்பது. மாஸ்க்கில் விட்டுப்போன ஓட்டைகளும், பாதி அழிந்த நுனிகளும், சீப்புப் பல் போல ஒரே சீராக நிற்கும் புல்லும் உடனே கண்ணில் குத்தும். அடுத்து மாஸ்க்கை Alt கிளிக் செய்து தனியாகப் பாருங்கள். புல் படமாகவே தெரிந்தால் சரி, சாம்பல் புகையாகத் தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி.

இதெல்லாம் படம் தாங்கினால்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் நுனிகள் சுருக்கத்தில் கட்டம் கட்டமாகிவிடும், சேனல் எடுத்தால் கட்டங்கள்தான் வரும். அதையே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். காற்றில் புல் அசைந்து கோடுகோடாகப் பதிந்த ஃப்ரேம் வந்தால் நான் வேலையைத் தொடங்குவதில்லை. அதே இடத்தில் எடுத்த வேறு ஃப்ரேம் இருக்கிறதா என்று போட்டோகிராஃபரைக் கேட்கிறேன், பெரும்பாலும் ஒன்று இருக்கும்.