பேட் செக்டர்: ‘மோசமான துறை’ அல்ல, பழுதுத் துண்டம்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஹார்ட் டிஸ்க் பழுது பார்க்கும் தமிழர்கள், வட்டில் படிக்க முடியாமல் போன இடத்தை பேட் செக்டர் என்றுதான் சொல்கிறார்கள். ‘மோசமான துறை’ என்று எழுதுவது மொழிபெயர்ப்பாளர்கள் மட்டுமே. செக்டருக்கு லத்தீனில் வெட்டுதல் என்பதே வேர். வட்டில் அது 512 அல்லது 4096 பைட் கொண்ட சிறு துண்டு. ஆகவே ‘பழுதுத் துண்டம்’ என்பதே பொருந்தும். துறை என்றால் பொதுப்பணித் துறைதான் நினைவுக்கு வரும்.

‘கெட்ட பகுதி’ இதைவிடக் கெடுதல். பார்ட்டிஷனையும் பகுதி என்றே எழுதுகிறோம். படிப்பவர் D: முழுவதும் போய்விட்டது என்று பயப்படுவார். ‘இரண்டு கெட்ட பகுதிகள் இருந்தால் பரவாயில்லை’ என்று எழுதும்போது தவறு இன்னும் பெரிதாகிறது. எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது?

துண்டம் காலி இடத்தில் இருந்தால் இழப்பு எதுவும் இல்லை. அடுத்த முறை அங்கே எழுதப்படும்போது, தேவையானால் டிஸ்க்கே உபரித் துண்டத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு படத்துக்குள் இருந்தால் அந்தப் படம் மட்டும் கெடும். கோப்புப் பட்டியலில், அதாவது விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸின் `$MFT`-இல் இருந்தால் கதை வேறு. அங்கே ஒரு கோப்புக்கு ஒரு பதிவு, வழக்கமாக 1024 பைட். கோப்பின் பெயரும், அதன் தரவு வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்பதும் அந்தப் பதிவில்தான் உள்ளன. 4096 பைட் துண்டம் ஒன்று போனால் நான்கு பதிவுகள் போகும். தரவு பழுதில்லாமல் கிடந்தாலும் அதற்கு வழி தெரியாது. `$MFTMirr` நகல் பொதுவாக முதல் நான்கு பதிவுகளுக்கு மட்டுமே. கோப்புறையின் அட்டவணை கெடுவது சற்றுத் தேவலாம்: ஒவ்வொரு பதிவிலும் தாய்க் கோப்புறையின் எண் இருப்பதால் அட்டவணையைத் திரும்பக் கட்ட முடியும்.

எங்கே என்று கண்டுபிடிக்க, முதலில் `smartctl -t long /dev/sda` என்று டிஸ்க்கின் சுயசோதனையை ஓட்டி, அது முடிந்தபின் `smartctl -l selftest /dev/sda` காட்டும் முதல் பிழையின் செக்டர் எண்ணை எடுங்கள். அது 6293712, பார்ட்டிஷன் தொடக்கம் 2048, கிளஸ்டருக்கு 8 செக்டர் என்று வைத்துக்கொள்வோம். கழித்து 8-ஆல் வகுத்தால் 786458. விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு கேளுங்கள்:

```
fsutil volume querycluster D: 786458
```

விடையில் `$Mft` வந்தால் பட்டியல் பழுது. பட்டியல் 786432-இல் தொடங்கித் துண்டுபடாமல் இருந்தால், இது அதன் 26 கிளஸ்டர் தாண்டிய இடம். 104 முதல் 107 வரையிலான பதிவுகள் ஆபத்தில் இருக்கின்றன. யாருக்கும் சொந்தமில்லை என்று வந்தால் காலி இடம்.

பட்டியல் பழுது என்று தெரிந்தால் `chkdsk` ஓட்டக்கூடாது. படிக்க முடியாத பதிவைக் குறிக்கும் கோப்புறை வரிகளை அது அழித்துவிடும். முதலில் `ddrescue` கொண்டு முழு டிஸ்க்கையும் நகலெடுங்கள்; செப்பனிடும் வேலையெல்லாம் நகலில்தான்.