பெருக்குத் தொடர்: துள்ளும் பந்து கடக்கும் தொலைவு

பெருக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆடிப்பெருக்கு, வெள்ளப்பெருக்கு. பெருகுதல் தானாக மிகுவது. பெருக்குதல் ஒன்றை மிகச் செய்வது. அந்தப் பிறவினைதான் கணக்கில் பெருக்கலாகவும் நிற்கிறது. ஆகவே பெருக்குத் தொடர் என்ற சொல்லை முதன்முதலில் கேட்கும் மாணவர், மேலும் மேலும் வளரும் எண்களை எதிர்பார்ப்பது இயல்பு. 1, 2, 4, 8 என்றுதான் பெரும்பாலும் பாடமும் தொடங்குகிறது. அடுத்து, மேலிருந்து விழுந்து துள்ளும் பந்தின் கணக்கு வரும். அதில் எண்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. ‘சுருங்குவதை எப்படிப் பெருக்கு என்பது?’ என்று கேட்கும் மாணவர் சரியான இடத்தில்தான் நிற்கிறார்.

விடை இதுதான்: இங்கே பெருக்கு என்பது விளைவின் பெயர் அன்று, செயலின் பெயர். ஓர் உறுப்பை மாறாத ஒரே எண்ணால் பெருக்கினால் அடுத்த உறுப்பு கிடைக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பொது விகிதம் என்று பெயர். அது 2 ஆனால் எண்கள் வளரும், 0.8 ஆனால் தேயும். செயல் இரண்டிலும் ஒன்றே.

ஆங்கிலத்தில் இதை ஜியோமெட்ரிக் சீரிஸ் என்கிறார்கள். ஜியோமெட்ரி என்பது நிலத்தை அளத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். எண்களின் தொடருக்கு நில அளவையின் பெயர் எப்படி ஒட்டியது? கிரேக்கர்கள் எண்களைக் கோடுகளாகவும் பரப்புகளாகவும் பார்த்தார்கள். 4, 6, 9 ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். பக்கங்கள் 4, 9 கொண்ட செவ்வகத்தின் பரப்பு 36. பக்கம் 6 கொண்ட சதுரத்தின் பரப்பும் 36. இப்படிச் செவ்வகத்தைச் சதுரமாக்கும் நடு எண்ணுக்கு வடிவியலின் பெயர் வந்தது. அந்த உறவோடு அடுத்தடுத்து நிற்கும் எண்களுக்கும் அதே பெயர் தொடர்ந்தது.

இந்தப் பின்னணி தெரியாமல் ‘வடிவியல் தொடர்’ என்று எழுதுவது படிப்பவரை முக்கோணம், வட்டம் என்று தேட வைத்துவிடும். பெருக்குத் தொடர் என்பது எந்தச் செயலால் தொடர் நகர்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. கூட்டுத் தொடர், கூட்டுச் சராசரி ஒரு பக்கம். பெருக்குத் தொடர், பெருக்குச் சராசரி மறுபக்கம் என்ற இணையும் அழகாக அமைகிறது. என் தேர்வு எப்போதும் இதுதான். இலங்கைப் பாடநூல்களில் பெருக்கல் விருத்தி என்ற சொல் வழங்குகிறது. விருத்தி என்றாலும் வளர்ச்சியே. எனவே அங்கும் தேயும் தொடருக்கு மேற்சொன்ன விளக்கம் தேவைப்படும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் காக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. உறுப்புகளை வரிசையாக வைத்தால் அது தொடர்வரிசை. அவற்றைக் கூட்டல் குறியால் இணைத்தால்தான் தொடர். பந்து எட்டும் உயரங்களின் பட்டியல் தொடர்வரிசை. பந்து கடந்த மொத்தத் தொலைவைத் தருவது தொடர்.

ஒரு மேசைப்பந்தைக் கொண்டு இதைப் பார்ப்போம். 30.5 செ.மீ. உயரத்திலிருந்து எஃகுப் பாளத்தின் மீது விட்டால் 24 முதல் 26 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது அதற்கான தரம். நம் பந்து 24.4 செ.மீ. எழுகிறது என்று கொள்வோம். 24.4-ஐ 30.5-ஆல் வகுத்தால் 0.8. ஒவ்வொரு துள்ளலிலும் இந்த விகிதம் மாறாது என்றால் உயரங்கள் 30.5, 24.4, 19.52, 15.616 என்று இறங்கும். முதலாம், மூன்றாம் உயரங்களைப் பெருக்கினால் நடு உயரத்தின் வர்க்கம் கிடைக்கும். கிரேக்கரின் அதே சதுரம்!

இனி, துள்ளி எழும் உயரங்களை மட்டும் கூட்டுவோம். அந்தக் கூடுதல் K என்க. K-இல் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் 0.8-ஆல் பெருக்கினால் அது அடுத்த உறுப்பாக மாறும். எனவே 0.8K என்பது, முதல் உறுப்பான 24.4 இல்லாத அதே K. இரண்டையும் கழித்தால் 0.2K = 24.4; K = 122 செ.மீ. எழுந்த உயரம் ஒவ்வொன்றும் விழுந்த உயரமும் ஆவதால் 244. அதனோடு தொடக்கத்தில் விழுந்த 30.5 சேர்த்தால் 274.5 செ.மீ. மேசைப்பந்து மேசையின் நீளம் 274 செ.மீ.; தற்செயலான இந்தப் பொருத்தம் விடையை மனத்தில் நிறுத்த உதவும். பொதுவாக, விடும் உயரம் h, விகிதம் r, மொத்தத் தொலைவு D என்றால்:

`D = h(1 + r)/(1 − r)`

பிழை பெரும்பாலும் அந்த முதல் விழுதலில்தான் நேர்கிறது. அது இறக்கம் மட்டுமே. அதற்கு இணையான ஏற்றம் இல்லை. எல்லாவற்றையும் இரட்டித்தவருக்கு 305 வரும். எதையும் இரட்டிக்காதவருக்கு 152.5 வரும். இந்த எண்களில் ஒன்றைப் பார்த்தாலே பிழை எங்கே என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு பிழை நுட்பமானது. இயற்பியலில் மோதலுக்குப் பிந்தைய வேகத்துக்கும் முந்தைய வேகத்துக்கும் உள்ள விகிதத்தை மீட்சிக் குணகம் என்பார்கள். உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நம் பந்தின் மீட்சிக் குணகம் 0.8 அன்று, 0.8-இன் வர்க்கமூலமான சுமார் 0.894. அதையே உயர விகிதமாக இட்டால் விடை ஏறத்தாழ இரு மடங்காகி 547 செ.மீ. என்று வந்துவிடும். வினா எந்த விகிதத்தைத் தருகிறது என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

பந்து முடிவில்லாமல் துள்ளுவதில்லையே, முடிவுறாத் தொடர் எப்படிப் பொருந்தும்? இருபது துள்ளல்கள் முடிந்தபின் மிச்சமிருக்கும் தொலைவு 2.8 செ.மீ. மட்டுமே. இருபத்தாறாவது துள்ளலின் உயரம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அதற்குப் பின் வரும் அத்தனையையும் கூட்டினாலும் 0.74 செ.மீ.தான். காலமும் அப்படியே. துள்ளல்களின் நேரங்கள் 0.894 என்ற விகிதத்தில் குறையும் இன்னொரு பெருக்குத் தொடர். காற்றுத் தடையை விட்டுவிட்டால் எண்ணற்ற அந்தத் துள்ளல்கள் எல்லாம் சுமார் 4.5 விநாடியில் அடங்கிவிடும்.

உண்மையான நெருடல் விகிதத்தில் இருக்கிறது. தரத்தின் கீழ் எல்லையான 24 செ.மீ. எழும் பந்துக்கு மொத்தத் தொலைவு 255.7 செ.மீ.; மேல் எல்லையான 26 செ.மீ. எழும் பந்துக்கு 382.9 செ.மீ. முதல் துள்ளலில் வெறும் 2 செ.மீ. வேறுபாடு, முடிவில் 127 செ.மீ. ஆகிவிடுகிறது. வகுக்கும் எண்ணான 1 − r சிறிதாகச் சிறிதாக, அளவையின் சிறு பிழையும் பெரிதாகும். இலேசான மேசைப்பந்தைக் காற்று தடுப்பதாலும், துள்ளும் வேகத்துக்கேற்ப மீட்சி சிறிது மாறுவதாலும் r கண்டிப்பாக ஒரே எண்ணாக நிற்பதும் இல்லை. சுவரில் ஓர் அளவுகோலை ஒட்டி, கைப்பேசியில் படம்பிடித்து, முதல் நான்கைந்து உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுங்கள். வரும் எண்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்தத் துள்ளல்களைப் பெருக்குத் தொடர்வரிசை என்று அழைக்கலாம். ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் சூத்திரம் தரும் தொலைவு தோராயமானதே.