பிடிச்ச டெபாசிட்டை திரும்ப யாராவது போய் கேட்டீங்களா?

போன வாரம் ஒரு பையன் ஆபீசுக்கு வந்தான், கையில பழைய ஜவுளிக்கடை கட்டப்பை, அது நிறைய பேப்பர். அப்பா பொதுப்பணித்துறை வேலை எடுத்து செஞ்ச கான்ட்ராக்டர், 2022ல தவறிட்டார். "சார், அப்பாவுக்கு கவர்மெண்ட்ல காசு நிக்குதுன்னு அம்மா சொல்றாங்க, எங்க எவ்வளவுன்னு தெரியல, கொஞ்சம் பாருங்க"ன்னான். இந்த வருஷத்துல மட்டும் இது எனக்கு நாலாவது பை. அதனாலதான் இதை எழுதறேன். நான் கான்ட்ராக்டர்களுக்கு கணக்கு எழுதி ரிட்டர்ன் போடறவன், எத்தனை தடவை வாயால சொன்னாலும் ஏறமாட்டேங்குது, எழுதியாவது வெச்சிடறேன்.

பையை பிரிச்சு அடுக்கினதுல ஒரு வேலையோட கதை முழுசா கிடைச்சுது. பள்ளிக்கூட கட்டடம், மதிப்பீடு 40 லட்சம். டெண்டர் போடும்போதே கட்டற டெபாசிட்டான ஈஎம்டி ஒரு சதவீதம், 40,000 கட்டியிருக்கார். 38 லட்சத்துக்கு இவருக்கு வேலை கிடைச்சுது. அக்ரிமெண்ட் போடும்போது செக்யூரிட்டி டெபாசிட் ரெண்டு சதவீதம், அதாவது 76,000. ஏற்கனவே கட்டின 40,000 போக மீதி 36,000 கட்டியிருக்கார். அப்பறம் ஒவ்வொரு பில்லுலயும் 5 சதவீதம் நிறுத்திவெச்சாங்க, மொத்தம் 1,90,000. வேலை முடிஞ்சதும் அதுல பாதி 95,000 ஃபைனல் பில்லோட வந்திடுச்சு. மீதி 95,000மும் செக்யூரிட்டி 76,000மும் கட்டடத்துல குறை வந்தா கான்ட்ராக்டரே சரி பண்ணித் தரவேண்டிய குறைபாடு பொறுப்புக் காலம் ரெண்டு வருஷம் முடிஞ்சப்பறம்தான் வரும். வேலை முடிஞ்சது 2018 ஜூன், அப்போ 2020 ஜூன்லயே இந்த 1,71,000 ரூபாயை போய் கேட்டிருக்கலாம். யாரும் கேக்கல.

38 லட்சம் வேலையில உங்களுக்கு நிஜமா என்ன நிக்கும்னு நீங்களே சொல்லுங்க. பள்ளிக்கூட கட்டடத்துல மூணு லட்சம் நின்னா பெருசு. ஒரு கட்டத்துல துறைகிட்ட நின்ன பணம் 2,66,000. உங்க லாபமே கிட்டத்தட்ட முழுசா அங்கதான் உக்காந்திருக்கு. (சதவீதம் துறைக்கு துறை, டெண்டருக்கு டெண்டர் மாறும், உங்க டெண்டர் டாக்குமெண்ட்ல இருக்கறதுதான் கணக்கு.)

எனக்கு ரொம்ப கோவம் வர்ற வார்த்தை ஒண்ணு இருக்கு, "பில்லுல பிடிச்சது போச்சு சார், செலவுல போட்டுக்கோங்க". இதை கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன், பொறுமையா படிங்க. ஜிஎஸ்டியை தனியா வெச்சிட்டு, 10 லட்சத்துக்கு ஒரு ரன்னிங் பில் போட்டீங்கன்னு வெச்சுக்கோங்க. நிறுத்திவெச்சது 50,000, வருமான வரி டிடிஎஸ் ஒரு சதவீதம் 10,000, ஜிஎஸ்டி டிடிஎஸ் ரெண்டு சதவீதம் 20,000, தொழிலாளர் நல நிதிக்கு ஒரு சதவீதம் 10,000. பேங்க்ல 9,10,000 வந்து விழும். பிடிச்சது 90,000. இதுல செலவுன்னு சொல்ல முடியறது அந்த தொழிலாளர் நல நிதி 10,000 மட்டும்தான். டிடிஎஸ் 10,000 உங்க பேர்ல வரித்துறை வெச்சிருக்கற 26ஏஎஸ் பட்டியல்ல நிக்குது, ரிட்டர்ன் போடும்போது உங்க வரியில கழியும். ஜிஎஸ்டி டிடிஎஸ் 20,000 போர்ட்டல்ல போய் ஏத்துக்கிட்டா உங்க கேஷ் லெட்ஜர்ல வந்து உக்காரும். 50,000 துறைகிட்ட நீங்க குடுத்துவெச்ச பணம், பேங்க்ல எஃப்டி போட்ட மாதிரி உங்க சொத்து, வட்டி கிடைக்காது அவ்வளவுதான்.

ஆனா பாதி பேர் என்ன பண்றாங்கன்னா பாஸ்புக்கை பாத்து 9,10,000 வரவுன்னு எழுதிட்டு போயிடறாங்க. அப்படி எழுதின அன்னிக்கே அந்த 50,000 உங்க கணக்குல இருந்து காணாம போச்சு. பேலன்ஸ் ஷீட்ல இல்ல, டைரியில இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு ஞாபகத்துலயும் இல்ல. 26ஏஎஸ்ல முழு 10 லட்சம் தெரியும், நீங்க 9,10,000 காட்டியிருப்பீங்க, வித்தியாசம் எங்கன்னு வரித்துறை கேக்கும், அப்போ என்கிட்ட ஓடி வருவீங்க. இன்னொரு பக்கம் சில பேர் 10 லட்சம் வரவு எழுதி 90,000த்தை அப்படியே செலவுல போட்டுடறாங்க, அதுலயும் டெபாசிட் செத்துப் போகுது. தயவுசெஞ்சு பில் தொகையை முழுசா வரவு வைங்க, நிறுத்தினதுக்கு வேலை குடுத்த டிவிஷன் ஆபீஸ் பேர்லயே ஒரு தனி லெட்ஜர் திறங்க. லெட்ஜர்ல பாக்கி நின்னுச்சுன்னா வருஷா வருஷம் மார்ச்சுல நானோ உங்க அக்கவுண்டன்ட்டோ "இது ஏன் இன்னும் நிக்குது"ன்னு கேப்போம், அந்த ஒரு கேள்விதான் பணத்தை காப்பாத்தும்.

"கவர்மெண்ட்ல இருக்கற காசு எங்க போயிடும், தானா வரும்"ங்கறவங்களுக்கு. தானா வராது. உங்க டெபாசிட் டிவிஷன் ஆபீஸ் டெபாசிட் ரிஜிஸ்டர்ல ஒரு வரி. கேக்க ஆள் இல்லாம மூணு முழு நிதியாண்டு தாண்டி கிடந்தா மார்ச் 31 கணக்குல அது லேப்ஸ் ஆகி அரசு வரவுல போயிடும். இந்தப் பையனோட அப்பா பணமும் 2024 மார்ச் கணக்குல அப்படித்தான் போயிருக்கு. லேப்ஸ் ஆனா உரிமை போயிடாது, ஆனா வழி நீளம். முதல்ல அந்தத் தொகை நிஜமா வரவு வந்துச்சா, நடுவுல யாருக்கும் குடுக்கலையா, எந்த வருஷ லேப்ஸ் பட்டியல்ல இருக்குன்னு டிவிஷன்ல சரிபாக்கணும், அப்பறம் மாநில கணக்காயர் அலுவலக அனுமதி வாங்கணும், அதுக்கப்பறம்தான் பில். இங்க கான்ட்ராக்டரே உயிரோட இல்லாததால தாசில்தார்கிட்ட வாரிசு சான்றும் வாங்கணும். 2020ல ஒரே ஒரு லெட்டர் குடுத்திருந்தா முடிஞ்சிருக்க வேண்டிய வேலை இது.

அவர் ஏன் கேக்கலைன்னும் பையிலயே பதில் இருந்துச்சு. வேலை முடிஞ்ச சான்றே வாங்கல. ஃபைனல் பில் வந்திடுச்சு, கட்டடத்துல பிள்ளைங்க உக்காந்து படிக்குது, இதுக்கு மேல பேப்பர் எதுக்குன்னு விட்டிருக்கார். பொறுப்புக் காலம் ஓட ஆரம்பிக்கறது வேலை முடிஞ்ச தேதியில இருந்து, அந்தத் தேதி கையெழுத்தோட ஒரு பேப்பர்ல இல்லைன்னா ரெண்டு வருஷம் எப்போ முடிஞ்சுதுன்னு யார் சொல்றது? அதுக்குள்ள வேலையை நேர்ல பாத்த உதவிப் பொறியாளர் ஏஈ மாறிட்டார், டிவிஷனுக்கு தலைமையான செயற்பொறியாளர் ஈஈயும் மாறிட்டார். புதுசா வந்தவர் தான் பாக்காத வேலைக்கு சட்டுனு எழுதிக் குடுப்பாரா? அவர் மேல தப்பு சொல்ல முடியாது. அதனால ஃபைனல் பில் அளவு எடுக்கற அன்னிக்கே முடிஞ்ச சான்றுக்கு லெட்டர் குடுங்க, ஏஈ அதே ஆள் இருக்கும்போதே வாங்கிடுங்க.

பொறுப்புக் காலம் முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நீங்களே போய் கட்டடத்தை சுத்திப் பாருங்க. மாடியில ஒழுகற இடம், பூச்சு விட்ட இடம் இருந்தா சொந்த செலவுல சரி பண்ணிடுங்க, 3,000 ரூபா பூச்சு வேலைக்காக மொத்த டெபாசிட்டும் நின்னுபோனதை பாத்திருக்கேன். காலம் முடிஞ்ச மறுநாள் ஈஈக்கு லெட்டர். அதுல அக்ரிமெண்ட் நம்பர், எந்தெந்த பில்லுல எவ்வளவு பிடிச்சாங்க, வேலையோட அளவு எழுதற எம்புக் நம்பர் பக்கம், வவுச்சர் நம்பர் தேதி எல்லாம் எழுதுங்க. இதெல்லாம் இல்லாம "என் டெபாசிட்டை குடுங்க"ன்னு எழுதினா டிவிஷனல் அக்கவுண்டன்ட் எங்க போய் தேடுவார்? லெட்டரை தபால் பிரிவுல குடுத்து நகல்ல சீல் வாங்குங்க. ஏஈ பாத்து குறை இல்லைன்னு எழுதணும், அவருக்கு மேல இருக்கற ஏஈஈ பரிந்துரைக்கணும், ஆடிட் பாக்கி எதுவும் இல்லைன்னு பாப்பாங்க, அப்பறம் ஈஈ விடுவிப்பார். ஒவ்வொரு மேசையிலயும் எத்தனை நாள் நிக்குதுன்னு நீங்கதான் கேட்டு நகத்தணும்.

டெபாசிட்டை அஞ்சலகப் பத்திரமா அடமானம் வெச்சவங்க இன்னொண்ணு கவனிங்க. ஈஈ விடுவிப்புக் கடிதம் குடுத்தாதான் போஸ்ட் ஆபீஸ்ல பணம் எடுக்க முடியும், முதிர்ச்சி தேதி தாண்டினப்பறம் பழைய வட்டி ஓடாது. பேங்க் கேரண்டி குடுத்தவங்க தேதி முடிஞ்சதும் சும்மா இருந்திடாதீங்க, ஒரிஜினலை வாங்கி பேங்க்ல திருப்பிக் குடுத்து ரத்து பண்ற வரைக்கும் கேரண்டிக்காக பிடிச்சுவெச்ச மார்ஜின் எஃப்டியை அவங்க விடமாட்டாங்க.

கிடைக்காத டெண்டரோட ஈஎம்டியும் இதே கதைதான். சின்னத் தொகைன்னு விட்டுடறீங்க, வருஷத்துக்கு பத்து டெண்டர் போட்டா அது சின்னத் தொகையா? டிடியா குடுத்திருந்தா மூணு மாசம்தான் அதுக்கு உயிர், அஞ்சு மாசம் கழிச்சு வாங்கிட்டு வந்து மேசை டிராயர்ல போட்டு வெக்காதீங்க, எடுத்த பேங்க்லயே குடுத்து ரத்து பண்ணி கணக்குல ஏத்துங்க. ஆன்லைன்ல கட்டினா எந்த அக்கவுண்ட்ல இருந்து போச்சோ அதுக்கேதான் திரும்பும், மச்சான் அக்கவுண்ட்ல இருந்து கட்டினா மச்சானுக்குத்தான் வரும். அதுவும் அந்த ஆபீஸ்ல போர்ட்டல்ல முடிவை ஏத்தினாதான் நகரும், ஏத்தலைன்னா அப்படியே நிக்கும், போய் கேளுங்க. டெண்டர் ரத்தாகி ரீடெண்டர் வந்தா பழைய ஈஎம்டியே ஓடும்னு நினைச்சுக்காதீங்க, புதுசா கட்டாம போட்டு முதல் கவர்லயே தள்ளுபடி ஆனவங்க இருக்காங்க.

இதுக்கெல்லாம் பெரிய சாஃப்ட்வேர் வேணாம், ஒரு நீள நோட்டு போதும். டெபாசிட்டுக்கு ஒரு வரி: எந்த வேலை, எந்த ஆபீஸ், என்ன ரூபத்துல, எவ்வளவு, எப்போ கட்டினது, எப்போ கேக்கலாம், எப்போ லெட்டர் குடுத்தது, எப்போ வந்தது. கடைசிக் கட்டம் காலியா இருக்கற வரைக்கும் அந்த வரியை அடிக்காதீங்க. அந்த நோட்டு எங்க இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்காவது சொல்லி வைங்க.

அந்தப் பையனோட பையில இன்னும் மூணு அக்ரிமெண்ட் இருக்கு. ஒண்ணுக்கு பொறுப்புக் காலம் முடிஞ்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது, அது இன்னும் லேப்ஸ் ஆகல. எம்புக் பக்கம் தேடிக் குடுக்கச் சொல்லி திங்கக்கிழமை டிவிஷன் ஆபீசுக்கு நானும் கூடப் போறேன்.