தொய்வு: 'டிஃப்ளெக்‌ஷன்' என்பதற்கு எந்தச் சொல்?

கட்டுமானத் தளத்தில் 'பீம் டிஃப்ளெக்ட் ஆயிருக்கு' என்பார்கள். உத்தரம் பாரத்தால் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். இதை வளைவு, விலகல், திறம்பல், தொய்வு என்று ஆளுக்கொரு விதமாகத் தமிழாக்குகிறார்கள்.

இலத்தீனில் 'ஃப்ளெக்டெரே' என்றால் வளைத்தல். 'டெ' என்ற முன்னொட்டு 'விட்டு விலகி' என்ற பொருளைத் தரும். வேரை மட்டும் பார்த்தால் 'வளைவு' சரியாகத்தான் தோன்றும். ஆனால் பொறியாளர் அளப்பது வளைவை அல்ல, உத்தரத்தின் ஒரு புள்ளி பழைய இடத்திலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதை. சுவரில் ஒரு முனை மட்டும் பதிந்த சன்ஷேடைப் பாருங்கள். நுனிதான் அதிகம் இறங்கும், ஆனால் நுனியில் வளைவு சுழி. சுவரோரத்தில் இறக்கம் சுழி, வளைவு அங்கேதான் உச்சம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் குழப்பம்தான்.

'விலகல்' கால்வனோமீட்டர் முள்ளுக்குப் பழகிய சொல். இலங்கையில் அதற்குத் திறம்பல் என்பார்கள். உத்தரத்துக்கு என் தேர்வு தொய்வு. துணி காயப்போட்ட கொடியும் கயிற்றுக்கட்டிலும் தொய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். (யாழ்ப்பாணத்தில் தொய்வு என்றால் ஆஸ்துமா. அங்கே போய்ப் பேசும்போது கவனம்!) உத்தரம் சில இடங்களில் மேலே எழும்பவும் செய்யும். அதை எதிர்க்குறித் தொய்வு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கொடிக்கும் உத்தரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கயிறு வளைவதை எதிர்க்காது, இழுவிசையால் மட்டும் பாரத்தைத் தாங்கும். அதன் தொய்வுச் சமன்பாடு இரண்டாம் வரிசையோடு நின்றுவிடும். உத்தரமோ வளைவதையே எதிர்த்து நிற்பது. பாரத்தைத் தொகையிட்டால் வெட்டுவிசை, அதைத் தொகையிட்டால் வளைதிருப்புமை, அதிலிருந்து சரிவு, சரிவிலிருந்து தொய்வு என நான்கு படி. அதனால்தான் நான்காம் வரிசை:

```
EI y'''' = w
EI y = w x⁴/24 + C1 x³/6 + C2 x²/2 + C3 x + C4
```

இங்கே x இடது முனையிலிருந்து தூரம், L உத்தரத்தின் முழு இடைவெளி, w ஒரு மீட்டருக்கான சீரான பாரம், y கீழ்நோக்கிய தொய்வு. E பொருளின் விறைப்பையும் I குறுக்குவெட்டின் வடிவத்தையும் குறிக்கும். ஒவ்வொரு தொகையீட்டிலும் ஒரு மாறிலி சேர்ந்ததால் நான்கு. அவற்றின் மதிப்பைப் பாரம் சொல்லாது. முனைகள் எப்படித் தாங்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் சொல்லும்.

இரு முனையும் சுவர்மேல் வெறுமனே அமர்ந்திருக்கின்றன என்று வைப்போம். சுவர் இறங்காது, எனவே அங்கே y = 0. முனை தாராளமாகத் திரும்பலாம், எனவே திருப்புமை இல்லை, y'' = 0. முனைக்கு இரண்டாக நான்கு நிபந்தனை. x = 0-இல் வைத்தால் C4, C2 இரண்டும் சுழி. x = L-இல் y'' = 0 என்பது C1 = −wL/2 என்று தருகிறது. இது சுவர் தாங்கும் பாதிப் பாரமேதான். கடைசியாக y = 0 வைத்தால் C3 = wL³/24; இதை EI-ஆல் வகுத்தால் முனையின் சரிவு. நடுவில் தொய்வு 5wL⁴/384EI.

சரி, எண்களைப் போடுவோம். ஐஎஸ்எம்பி 200 எஃகு உத்தரம், இடைவெளி 4 மீட்டர், தன் எடையும் சேர்த்து மீட்டருக்கு 10 கிலோநியூட்டன். I = 2235 செ.மீ.⁴, E = 200 கிகாபாஸ்கல். நடுத் தொய்வு சுமார் 7.5 மி.மீ. வரும். இரு முனையையும் இறுகப் பதித்தால் y'' = 0 போய் அந்த இடத்தில் y' = 0 வரும். இப்போது C3-உம் C4-உம் சுழி, C2 = wL²/12. தொய்வு wL⁴/384EI, அதாவது 1.5 மி.மீ. பாரமும் எஃகும் அதேதான், இரண்டு நிபந்தனை மாறியதும் தொய்வு ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். வரைபடத்தில் 'பதிந்தது' என்று எழுதிவிட்டு, தளத்தில் இரண்டு சிறு கோணத்துண்டு வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். அந்த முனை ஏறக்குறையத் தாராளமாகத் திரும்பும். முனைக்கு முனை நூல் கட்டி, முழுப் பாரம் ஏறுமுன்னும் ஏறியபின்னும் நடுவில் அளந்தால் தெரிந்துவிடும். வித்தியாசம் கணக்கிட்ட 1.5-ஐத் தாண்டி 7-ஐ நெருங்கினால் எஃகைக் குறைசொல்லாமல் முனையைப் பாருங்கள்.

நிபந்தனை நான்கு இருந்தால் மட்டும் போதாது. இரு முனையையும் அந்தரத்தில் விட்டு, திருப்புமையும் வெட்டுவிசையும் சுழி என்று எழுதினாலும் நான்கு கிடைக்கும். ஆனால் x = 0-இல் C1 = 0 ஆகிவிட, x = L-இல் wL = 0 என்று வந்து நிற்கும். பாரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் தீர்வும் இல்லை.