படம் எடுக்கக் கூடாத நடுகல்லைச் சொல்லால் பதிவது எப்படி

ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகம் சேரும் எல்லையில் குப்பம், பலமநேர், வி.கோட்டா பக்கம் நடுகற்களைத் தேடிப் போகிறவர்கள் சீக்கிரமே ஒன்றைப் புரிந்துகொள்வார்கள். அந்தக் கற்களில் பல இன்றைக்கும் சாமிதான். தமிழ் பேசும் வீடுகளில் வேடியப்பன் என்பார்கள், தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் வீரகல்லு. எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, வருஷத்துக்கு ஒரு முறை பொங்கல் வைக்கிற கல் அது. "எங்க சாமியைப் போட்டோ எடுக்கக் கூடாது" என்று குடும்பத்துப் பெரியவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் மறுப்பதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. கல்லின் படம் வெளியே போனால், அடியில் புதையல் இருக்கிறது என்று ராத்திரியில் தோண்ட வருகிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. ஒளித்து எடுத்த படம் என்றைக்காவது வாட்ஸ்அப்பில் சுற்றி ஊருக்கே திரும்பி வரும். அப்புறம் கல்வெட்டு படிக்க யார் வந்தாலும் அந்த வாசலில் விடமாட்டார்கள்.

படம் இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடாது. கல்லின் மேல் தாளை ஒற்றி, மை தட்டி மைப்படி எடுக்க முடியாத, படம் பகிர முடியாத கல்லையும் பார்த்தவர் ஒழுங்காகச் சொன்னால் பாதிக்கு மேல் புரிந்துகொள்ள முடியும். அந்த ஒழுங்கு என்ன என்பதை, குப்பத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் கல்லை வைத்தே சொல்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் போனில் அழைத்துச் சொன்னது: "சார், எங்க குலசாமி கல்லுல ஒரு ராஜா குதிரை மேல வர்றார். பக்கத்துல ரெண்டு ராணி. மேல சிவன். எழுத்தும் இருக்கு. பெரியப்பா போட்டோ மட்டும் வேண்டாங்கறார்."

இதில் ராஜா, ராணி, குதிரை மூன்றுமே அவளுடைய முடிவுகள். கண் பார்த்தது வேறாக இருக்கலாம். எனக்கு வேண்டியது முடிவுக்கு முந்தைய காட்சி. அதனால் முதலில் கேட்டது அளவும் பிரிவும்: தரைக்கு மேல் கல் எவ்வளவு உயரம், படங்கள் ஒரே பரப்பில் இருக்கின்றனவா, கிடைக்கோடு போட்டு அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறார்களா? அவள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: நெஞ்சளவு உயரம், மூன்று அடுக்கு, நடுவில் இரண்டு பட்டைகள், எழுத்தெல்லாம் அந்தப் பட்டைகளில்தான். இந்த ஒரு பதிலிலேயே கல் தன் வகையைக் காட்டிவிட்டது. செங்கம், தருமபுரிப் பக்கத்து முற்கால நடுகற்களில் பெரும்பாலும் வீரன் ஒருவன் மட்டும், ஒரே பரப்பில் இருப்பான். கங்கர், நுளம்பர் ஆண்ட எல்லைப் பகுதியில் மூன்றடுக்குக் கல் நிறைய. கீழே சண்டை, நடுவே வீரனை வானுலகுக்கு அழைத்துப் போகும் பெண்கள், மேலே சிவலோகம். அவள் சொன்ன இரண்டு ராணிகளும் நடு அடுக்கில்தான் இருந்தார்கள். கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "விசிறி மாதிரி, ஆனா முனை வளைஞ்சு தொங்குது." அது சாமரம். அவர்கள் ராணிகள் இல்லை, வீரனை அழைத்துப் போக வந்த தேவமகளிர்.

குதிரைக்கு ஒரே கேள்விதான் கேட்டேன்: ராஜாவின் பாதம் எங்கே முடிகிறது? குதிரை மேல் இருப்பவன் பாதம் அதன் வயிற்றருகே தொங்கும். இங்கே இரண்டு பாதமும் அடுக்கின் அடிக்கோட்டைத் தொட்டிருந்தன. அப்படியானால் அவன் தரையில் நிற்கிறான், விலங்கு பின்னால் நிற்கிறது. நடுகல் சிற்பிக்கு இடம் குறைவு, பின்னால் இருப்பதை முன்னால் இருப்பதோடு ஒட்டியே செதுக்குவான். எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் நிற்கிறவன் ஏறி உட்கார்ந்தவன் போலத் தெரிவான். கொம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒன்றின் தலையில் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று தலைகள் இருப்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள். மாட்டு மந்தை அது.

அடுத்து உடல் நிலை. இதில் எப்போதும் குழப்புவது இடது, வலது. நான் பின்பற்றுவது இதுதான்: கை, கால், காது என்றால் சிற்பத்தில் இருப்பவனுடைய இடப்பக்கம், வலப்பக்கம். பொருள் இருக்கும் இடம் என்றால் பார்க்கிற நமக்கு இடப்பக்கம், வலப்பக்கம். இரண்டையும் கலந்தால் வலக்கை வாள் இடக்கைக்குப் போய்விடும். "வீரனின் வலக்கையில் வாள், முனை மேலே. இடக்கையில் வில். இடக்கால் முன்னால் மடங்கி, வலக்கால் பின்னால் நீண்டிருக்கு" என்றாள். வாள் முனை எங்கே போகிறது, மறு கை எங்கே இருக்கிறது என்பதைக் கேட்காமல் விடவே கூடாது. வாள் தன் கழுத்தை நோக்கி வந்து, மறு கை தன் தலைமயிரையே பிடித்திருந்தால் அது சண்டைக் கல் இல்லை. தன் தலையைத் தானே கொடுத்தவனின் அரிகண்டக் கல். சொல்கிறவர் இரண்டையும் ஒரே மாதிரி "வாள் தூக்கி நிக்கிறான்" என்றுதான் சொல்வார். வரலாற்றில் இரண்டும் வேறு வேறு சாவு.

காலடியையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன், ஏதாவது சின்ன உருவம் இருக்கிறதா என்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. மகேந்திர பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் அது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர், கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்தது என்று கல்லே சொல்கிறது. காலடிப் புடைப்பைக் கல்லின் குறை என்று விட்டிருந்தால், எழுத்து சொல்லும் கோவிவனைச் சிற்பத்தில் அடையாளம் கண்டிருக்க முடியாது. இந்தக் கல்லில் அப்படி எதுவும் இல்லை. இல்லை என்பதையும் எழுதி வைக்கச் சொன்னேன், பார்த்து இல்லாததும் பார்க்காமல் விட்டதும் ஒன்றல்ல.

அணிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காதில் தொங்குவது என்ன, கழுத்தில் எத்தனை சுற்று, கொண்டை உச்சியிலா பக்கவாட்டிலா, இடையில் குறுவாள் செருகியிருக்கிறதா, காலில் கழல் உண்டா என்று எல்லாம் எழுதலாம். எழுதவும் வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்து நூற்றாண்டு சொல்ல முடியாது. ஊர்ச் சிற்பிகள் தாத்தா செதுக்கியது போலவே பேரனும் செதுக்கினார்கள். அணிகள் உதவுவது வேறு ஒன்றுக்கு: வீரனுக்கும் எதிரிக்கும், வீரனுக்கும் மேலடுக்கில் உட்கார்ந்திருப்பவனுக்கும் என்ன வேறுபாடு என்று காட்ட. கீழே ஒற்றை மாலையோடு சண்டை போடுகிறவன், மேலே அதே கொண்டையோடு லிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே ஆள் என்று தெரிந்தது இப்படித்தான்.

எழுத்துக்கு வருவோம். இங்கே நான் போட்ட முதல் விதி, படிக்காதே, வரை. கணக்கு நோட்டின் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, கல்லில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே நோட்டிலும் முடிக்க வேண்டும். அழிந்த எழுத்துக்குக் கட்டத்தில் பெருக்கல் குறி. சொல் பிரிக்கக் கூடாது, புள்ளி வைக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் வெட்டுகளில் நிழல் விழும். முதலில் இடப்பக்கமிருந்து, அப்புறம் வலப்பக்கமிருந்து. இரண்டிலும் தெரிகிற கோடு பெரும்பாலும் எழுத்து, ஒன்றில் மட்டும் தெரிவது கல்லின் பொரிவாக இருக்கலாம். சாக்பீஸ், மாவு, சுண்ணாம்பு எதையும் தேய்க்க வேண்டாம். சாமிக் கல்லில் அதைச் செய்வது தப்பு என்பது ஒரு பக்கம். சாக்பீஸால் நிரப்பும்போது நாம் என்ன எழுத்து என்று நினைக்கிறோமோ அதுதான் கல்லில் படியும் என்பது இன்னொரு பக்கம். எண்ணெயைச் சுரண்டவும் கூடாது. பொங்கலுக்கு முன்னால் குடும்பத்தாரே கல்லைக் கழுவும் நாள்வரை காத்திருந்தாள் அவள்.

வரைவதற்கு முன் எந்த எழுத்து என்ற கேள்வி வரும். இந்த எல்லையில் கல்வெட்டு தமிழெழுத்தில் இருக்கலாம், வட்டெழுத்தில் இருக்கலாம், தெலுங்கு கன்னட எழுத்தில் இருக்கலாம். எழுத்தின் தலையில் குட்டையான கிடைக்கோடு தொடர்ந்து வந்தால் தெலுங்கு கன்னடப் பக்கம். நேர்க்கோடும் மூலையுமாக, 'ட'வும் 'ப'வும் இன்றைக்கு இருப்பது போலவே தெரிந்தால் தமிழ். அவள் நோட்டில் 'ட' திரும்பத் திரும்ப வந்தது.

ஆர்வம் தாங்காமல் அவளே ஒரு வரியைப் படித்தும் பார்த்திருந்தாள். "தெரறுமீடடுபபடடரன. ஒண்ணும் புரியல சார், தெலுங்கா இருக்குமோ?" தெலுங்கு இல்லை, சுத்தமான தமிழ். பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் போடுவதில்லை. கால் என்று நாம் சொல்லும் துணையெழுத்துக்கும் 'ர'வுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும் ஒரே கொம்புதான். 'தெர' என்று அவள் படித்தது 'தொ', 'டர' என்று படித்தது 'டா'. புள்ளிகளை வைத்துப் படித்தால் "தொறு மீட்டுப் பட்டான்". தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். கொள்ளை போன மந்தையை மீட்கும்போது செத்துப்போனவன். கீழடுக்கில் குதிரை என்று நினைத்த கொம்புள்ள தலைகளும் இந்த வரியும் ஒன்றையொன்று உறுதி செய்தன. அவளே இரண்டையும் சேர்த்துத் திருத்தி எழுதி அனுப்பியிருந்தால், ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்க எனக்கு வழி இருந்திருக்காது. அதனால்தான் தப்பாகத் தெரிந்தாலும் கண்டபடியே எழுதச் சொல்கிறேன்.

எவ்வளவு சொன்னாலும் இந்த முறைக்கு எல்லை உண்டு. மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் இருக்க வேண்டிய முதல் வரியில் கல் பொரிந்து, ஏழெட்டுக் கட்டத்துக்குப் பெருக்கல் குறிதான் இருந்தது. எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்லலாமே என்றால், அதற்கு வெட்டின் வளைவும் கோணமும் நேரில் தெரிய வேண்டும். கையால் வரைந்ததில் வரைந்தவரின் கையெழுத்தும் கலந்துவிடும். ஆகவே குறிப்பில் நூற்றாண்டு எழுதவில்லை.

கடைசியில் நோட்டில் ஏறிய குறிப்பு இது:

"தரைக்கு மேல் நெஞ்சளவு உயரம், அடி மண்ணில் புதைந்துள்ளது. மூன்று அடுக்கு. கீழடுக்கு: தரையில் நிற்கும் வீரன், வலக்கையில் ஓங்கிய வாள், இடக்கையில் வில், இடக்கால் மடங்கியுள்ளது, உச்சிக் கொண்டை, கழுத்தில் ஒற்றை மாலை. நமக்கு வலப்பக்கம் கொம்புள்ள ஒரு தலையும் அதன் பின் மூன்று தலைகளும். காலடியில் உருவம் இல்லை. நடுவடுக்கு: வீரன், இருபுறமும் சாமரத்தோடு பெண்கள். மேலடுக்கு: லிங்கம், அருகே அதே கொண்டையோடு அமர்ந்தவன். பட்டைகளில் தமிழெழுத்து. முதல் வரி சிதைவு. 'தெரறுமீடடுபபடடரன' எனக் கண்டது, 'தொறு மீட்டுப் பட்டான்' எனப் படிக்கலாம். மைப்படி எடுத்துச் சரிபார்க்க வேண்டும்."

கண்டதும் படித்ததும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். பின்னால் யாராவது மைப்படி எடுத்து என் வாசிப்பு தவறு என்று கண்டாலும், அவள் கண்டது அப்படியே இருக்கும். குறிப்பின் ஒரு படி பெரியப்பாவிடம் இருக்கிறது, அதைத் தெலுங்கிலும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னிடம் உள்ள படியில் ஊர்ப் பெயர் இல்லை. மண்ணுக்குள் புதைந்த பகுதியில் இன்னொரு வரி இருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த முறை மேடையைச் சீர்செய்யும்போது சிமெண்ட் போடாமல் மண்ணை மட்டும் விலக்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.